கருத்துக்கணிப்பு அழைப்பில் நேரமும் நோக்கமும்

"தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியைப் பழுது பார்த்தபின், '2 நிமிடம் போதும், உங்கள் கருத்து பொன்னானது' என்று இணைப்பு அனுப்புகிறோம். பலர் பாதியிலேயே வெளியேறுகிறார்கள். எப்படி மாற்றி எழுதுவது?"

முதல் வரியை இப்படி மாற்றுங்கள்: "செவ்வாயன்று வந்த பழுதுபார்ப்பவர் சொன்ன நேரத்துக்கு வந்தாரா, கோளாறு தீர்ந்ததா என்று அறிய 9 கேள்விகள் கேட்கிறோம், சுமார் 5 நிமிடம் ஆகும். பதில்களைச் சேவைப் பிரிவு மேலாளர் படிப்பார். குறை இருந்தால் உங்களை அழைப்போம்." பொன், மணியெல்லாம் வேண்டாம்.

பாதியில் வெளியேறுவதற்குப் பெரும்பாலும் அந்த 2 நிமிடமே காரணமாக இருக்கும். கேள்விகளை எழுதியவர் தாமே நிரப்பிப் பார்த்த கணக்காக அது இருக்கலாம். அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஐந்து பேரிடம் கைபேசியில் நிரப்பச் சொல்லி நேரம் குறியுங்கள். ஐந்து நேரங்களையும் வரிசைப்படுத்தி, நடுவில் உள்ளதை மேல்நோக்கி முழு நிமிடமாக்கி, மேலே 5 என்று உள்ள இடத்தில் எழுதுங்கள். வாடிக்கையாளர்கள் எந்தக் கேள்வியில் நிறுத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள். கைபேசி எண்ணைக் கேட்கும் இடத்தில் என்றால் சிக்கல் நேரத்தில் இல்லை, அந்தக் கேள்வியில்தான்.

ஓர் எச்சரிக்கை: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி இணைப்பு போகிறதென்றால், பெயரைக் கேட்காவிட்டாலும் பதில் யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போது "அடையாளம் தெரியாது" என்று எழுதுவது பொய்; "பழுதுபார்ப்பவருக்கு உங்கள் பெயரைக் காட்ட மாட்டோம்" என்று, அதை உண்மையிலேயே கடைப்பிடிக்க முடிந்தால் மட்டும், எழுதுங்கள்.