சம்பள உயர்வு இல்லை என்று எப்படிச் சொல்வது?

வணக்கம். 40 பேர் வேலை செய்யும் ஒரு துறைக்குத் தலைவராக இருக்கிறேன். 2 பெரிய வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதனால் 12 மாதங்களுக்கு யாருக்கும் சம்பள உயர்வு கிடையாது என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. நான் எழுதிய அறிவிப்பு இது: “சவாலான சந்தைச் சூழலில், நம் குடும்பத்தின் நீண்டகால நலன் கருதி, ஊதியத் திருத்தங்கள் ஒத்திவைக்கப்படுகின்றன. உங்கள் புரிதலுக்கு நன்றி.” படித்தால் எனக்கே உறுத்துகிறது. எங்கே தவறு?

அன்புள்ள நண்பருக்கு,

‘ஒத்திவைக்கப்படுகின்றன’ என்ற சொல்லில்தான் பெரிய தவறு. ஒத்திவைத்தது என்றால் பிறகு கைக்கு வர வேண்டும். அடுத்த உயர்வின்போது இந்த 12 மாத நிலுவையையும் சேர்த்துத் தரப்போகிறீர்களா? இல்லையென்றால் அந்தப் பணம் போனது போனதுதான். உங்கள் சொல்லை நம்பிக் கணக்குப் போட்டு வைத்தவர் அடுத்த ஆண்டு உங்கள் முன்னால் வந்து நிற்பார். அவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

‘குடும்பம்’ வேண்டாம். அவரவர் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்குத்தான் இந்த முடிவால் கஷ்டம். புரிந்துகொண்டார்களா என்று தெரிவதற்கு முன்பே நன்றி சொல்வதும் வாயை அடைப்பது போலத்தான். நான் இப்படி எழுதுவேன்:

“வரும் 12 மாதங்களுக்கு நம் துறையில் யாருக்கும் சம்பள உயர்வு இல்லை. எனக்கும் இல்லை. 2 பெரிய ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போனதால் நிர்வாகம் இந்த முடிவை எடுத்திருக்கிறது. உங்கள் உழைப்பில் குறை இருந்ததால் அல்ல. இந்தக் காலத்துக்கான உயர்வு பின்னர் நிலுவையாகவும் வராது. விலைவாசி ஏறும்போது சம்பளம் அப்படியே நின்றால், அது குறைந்ததற்குச் சமம் என்பது எனக்குத் தெரியும். பதவி உயர்வு பெறுபவர்களின் சம்பளம் பற்றி இன்னும் முடிவாகவில்லை. மாத இறுதிக்குள் கேட்டுச் சொல்கிறேன். ஆட்குறைப்பு பற்றி என்னிடம் எதுவும் சொல்லப்படவில்லை. இருக்காது என்று உறுதி தரும் அதிகாரம் எனக்கு இல்லை. நாளை காலை 10 மணி முதல் என் அறையில் இருப்பேன். தனியாகப் பேச விரும்புபவர்கள் வாருங்கள்.”

இதில் 2 வரிகளை அனுப்பும் முன் சரிபாருங்கள். ‘எனக்கும் இல்லை’ என்பது உண்மையாக இருந்தால் மட்டும் இருக்கட்டும். உங்களுக்கு ஊக்கத்தொகை வருமென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். வேலை தாமதமானதைச் சொல்லித்தான் வாடிக்கையாளர்கள் விலகினார்கள் என்றால், உழைப்பில் குறையில்லை என்பதும் நிற்காது. இந்த முடிவை எதிர்த்து நீங்கள் வாதாடியிருக்கலாம். அதை இதில் எழுதாதீர்கள். ஊழியர்களின் கோபத்தை மேலே தள்ளிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொண்டதாகத்தான் அது படும்.

வாரக் கடைசி நாளின் மாலையில் அனுப்பவே கூடாது. கேள்வி கேட்க ஆளில்லாமல் 2 நாள் வீட்டில் வைத்து மறுகுவார்கள். வாரத்தின் நடுவில், காலையில், எல்லோரையும் அழைத்து முதலில் நேரில் சொல்லுங்கள். கடிதம் அன்றே, அதே சொற்களில் போகட்டும்.