குப்பைமேனி சோப்புக்குக் கேப்ஷன் எழுதுவது எப்படி?

கேள்வி: "வீட்டில் குப்பைமேனி சோப் செய்து விற்கிறேன். குணமாகும், கேரண்டி, டாக்டர் பரிந்துரைத்தது என்றெல்லாம் போடக்கூடாது என்கிறார்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டால் கேப்ஷனில் எழுத என்ன மிச்சம் இருக்கும்?"

நிறைய மிச்சம் இருக்கிறது. நானும் சோப் போடுகிறவள்தான். ஆரம்பத்தில் என் கேப்ஷன் இப்படி இருந்தது: "100% கெமிக்கல் இல்லாத குப்பைமேனி சோப்! பரு, தேமல், அரிப்பு 7 நாளில் குணமாகும். எல்லா சருமத்துக்கும் ஏற்றது. ரிசல்ட் கேரண்டி." இதை நம்பி ஒரு அக்கா வாங்கி, வறண்டு வெடித்த கால் உள்ள தன் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். நாலாம் நாள் போன். "எல்லா சருமத்துக்கும்னு போட்டிருந்தீங்களேம்மா, எங்கம்மா ராத்திரி முழுக்க சொறிஞ்சுக்கிட்டு இருக்காங்க" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் என் சொந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேப்ஷனை வரி வரியாகப் பார்த்தேன்.

நோட்டில் இருந்த அளவு இது: தேங்காய் எண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 300, விளக்கெண்ணெய் 100, தண்ணீர் 330, காஸ்டிக் சோடா 155, காய்ந்த குப்பைமேனிப் பொடி 20, எலுமிச்சைப்புல் எண்ணெய் 10. இதில் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது குப்பைமேனிதான். காய்ந்த பிறகு 100 கிராம் கட்டியில் அது சுமார் ஒன்றரை கிராம். அதுவும் காஸ்டிக்கோடு சேர்ந்து, நுரையாகி, ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு ஓடிவிடுகிற ஒன்றரை கிராம். பாட்டி அரைத்துப் பூசி அரைமணி நேரம் வைத்திருந்த இலை வேறு, என் சோப் வேறு. இலைக்கு இருக்கிற பேரைச் சோப்புக்குத் தூக்கிக் கொடுத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. பொருளின் பெயரைப் போடலாம், எவ்வளவு என்றும் போடலாம், ஆனால் அந்த மூலிகையைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் என் கட்டிக்கும் பொருந்தும் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்து அந்த "கெமிக்கல் இல்லாத". காஸ்டிக் இல்லாமல் சோப்பே கிடையாது. எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்துதான் சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகிறது. என் அளவு எண்ணெய் முழுசும் சோப்பாக மாற 163 கிராம் காஸ்டிக் வேண்டும், நான் 5 சதவீதம் குறைத்து 155 போடுகிறேன். அதனால் கொஞ்சம் எண்ணெய் மாறாமல் கட்டியில் நிற்கும், கணக்கும் எடையும் சரியாக இருந்தால் காஸ்டிக் மிஞ்சாது. இதை மறைப்பதற்குப் பதில் அப்படியே எழுதிவிட்டேன். ஒன்றிரண்டு பேர் பயந்து கேட்டார்கள், பதில் சொன்னதும் அவர்களே வாங்கினார்கள். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக எழுதுங்கள், லேபிளுக்கும் அதுதான் முறை. பொடியைத் தூக்கி முதலில் வைத்தால் அதுதான் அதிகம் இருக்கிறது என்று படிப்பவர் நினைப்பார்.

சருமவகை விஷயத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவருக்கு உண்மையில் உதவுவது அந்த வரிதான். கையால் போடுகிற சோப்பின் பிஹெச் 9லிருந்து 10 வரை இருக்கும், நம் தோலின் மேற்பரப்பு 5ஐ ஒட்டி. அதனால் "பிஹெச் பேலன்ஸ்டு" என்று எந்தக் கையால் போட்ட சோப்பும் சொல்ல முடியாது. என் எண்ணெயில் 60 சதவீதம் தேங்காய், அது நன்றாக அழுக்கெடுக்கும், கூடவே தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுக்கும். ஆக எண்ணெய்ப் பசையுள்ள சருமம், சாதாரண சருமம் என்றால் ஒத்துப்போகும். வறண்ட சருமம் என்றால் குளித்து முடித்ததும் இழுக்கும், அந்த அம்மாவின் காலுக்கு நடந்ததும் அநேகமாக இதுதான். வறண்ட சருமக்காரர்களுக்கும் விற்க ஆசை என்றால் கேப்ஷனை மாற்றிப் பிரயோஜனமில்லை, தேங்காய் எண்ணெயைக் குறைத்து வேறு பேட்ச் போடவேண்டும் (காஸ்டிக் அளவும் மாறும், பழைய கணக்கிலேயே போட்டுவிடாதீர்கள்). எலுமிச்சைப்புல் எண்ணெயில் சிட்ரால் என்று ஒன்று இருக்கிறது, சிலருக்கு அது அலர்ஜி கொடுக்கும். அதனால் "சென்சிட்டிவ் சருமத்துக்கும் பாதுகாப்பானது" என்ற வரியும் போய்விட்டது.

டாக்டர் விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு தோல் மருத்துவர் என் சோப்பை வாங்கி, நல்லா இருக்கு என்றார். அது ஒரு வாடிக்கையாளர் சொன்னது, அவ்வளவுதான். "தோல் மருத்துவர் மேற்பார்வையில் சோதிக்கப்பட்டது" என்று எழுத வேண்டுமானால் இதே சோப்பை, இதே அளவில் போட்டதை, ஆட்கள் மேல் ஒட்டிப் பார்த்த பேட்ச் டெஸ்ட் ரிப்போர்ட் கையில் இருக்கவேண்டும். வாசனை எண்ணெயை மாற்றினால் பழைய ரிப்போர்ட் அந்தப் புதுக் கட்டிக்குச் செல்லாது. லைசென்ஸ் வாங்கியிருந்தாலும் "அரசு அங்கீகாரம் பெற்ற சோப்" என்று பீற்றிக்கொள்ள வேண்டாம், அது தயாரிக்க அனுமதி, சோப் நல்லது என்ற சான்றிதழ் இல்லை. (லைசென்ஸ் இன்னும் இல்லையென்றால் கேப்ஷனை ஒதுக்கிவிட்டு முதலில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் விசாரியுங்கள். விற்பதற்காகச் சோப் தயாரிக்க அது வேண்டும்.)

சட்டம் ஏன் இதில் மூக்கை நுழைக்கிறது என்றால், 1940 மருந்து, அழகுசாதனச் சட்டப்படி அழகுசாதனம் என்பது சுத்தம் செய்ய, அழகுபடுத்த, தோற்றத்தை மாற்றப் பூசுவது. நோயைக் குணமாக்கும் என்று சொன்ன நிமிடமே நீங்கள் மருந்து விற்பதாகிவிடும், அதற்கு வேறு அனுமதி. பொய் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. இன்னொன்று, வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டுப் பரு முகம், பளிங்கு முகம் என இரண்டு போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அதுவும் அதே "குணமாகும்"தான். நான் அதையும் கழற்றினேன், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, லைக் எல்லாம் அதற்குத்தான் வந்தது.

இப்போது நான் போடுவது இது:

"குப்பைமேனிப் பொடி சேர்த்த குளியல் சோப், 100 கிராம். சேர்ப்பவை: தேங்காய் எண்ணெய், தண்ணீர், நல்லெண்ணெய், சோடியம் ஹைட்ராக்சைடு (எண்ணெயைச் சோப்பாக்க), விளக்கெண்ணெய், குப்பைமேனிப் பொடி (கட்டிக்குச் சுமார் 1.5 கிராம்), எலுமிச்சைப்புல் எண்ணெய். 6 வாரம் காயவைத்தது. நன்றாக அழுக்கெடுக்கும். எண்ணெய்ப் பசையுள்ள, சாதாரண சருமத்துக்கு ஏற்றது. வறண்ட சருமத்தில் இறுக்கம் தெரியலாம். வாசனை எண்ணெய் இருப்பதால் முதலில் முழங்கையின் உட்பக்கம் போட்டுக் கழுவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். புண், எக்ஸிமா உள்ள இடத்தில் வேண்டாம்."

கொஞ்சம் நீளம்தான். ஆனால் "வறண்ட சருமத்துக்கு வேற இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள், திருப்பி அனுப்புகிறவர்கள் குறைந்தார்கள். கீழே யாராவது "பரு போகுமா சிஸ்டர்?" என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை. அதற்கு என் பதில்: "இது குளிக்கிற சோப்ங்க, முகத்து எண்ணெயையும் அழுக்கையும் எடுக்கும். பரு ரொம்ப இருந்தா தோல் டாக்டரைப் பாருங்க."

கேப்ஷனில் எழுதாததைக் கமெண்டில் சொன்னாலும் சொன்னதுதானே, அதனால் இன்பாக்ஸிலும் இதே பதில்தான்.