சோபாவில் இருப்பவருக்கு 56, நடப்பவளுக்கு 68

*எனக்கு 47 வயது. அல்சூர் ஏரிக்கரையில் எட்டு மாதமாகத் தினமும் 45 நிமிடம் வேகமாக நடக்கிறேன். காலை எழுந்ததும் 80 இருந்த நாடித்துடிப்பு இப்போது 68. என் கணவருக்கு 55 வயது. சோபாவை விட்டு அசைய மாட்டார், அவருக்கு 56! பி.பி. மாத்திரை தவிர வேறு ஒன்றும் சாப்பிடுவதில்லை. "உன்னைவிட நான் ஃபிட்" என்கிறார். போன ஞாயிறு லால்பாக் பாறையில் ஏறினோம். எனக்கு 132 வரை போனது. அவருக்கு 95ஐத் தாண்டவில்லை, ஆனால் மூச்சு வாங்கியது. யார் ஃபிட்?*
*– வாசகி, பெங்களூரு*

பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். உங்கள் 68 உழைத்துச் சம்பாதித்தது. அவருடைய 56, அநேகமாக மாத்திரை போட்ட கணக்கு.

இதயத்தின் வேலையை ஒரு பெருக்கல் கணக்காகப் பாருங்கள். ஓர் அடிக்கு எவ்வளவு ரத்தம் வெளியே போகிறது, நிமிடத்துக்கு எத்தனை அடி, அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் போதும். எட்டு மாதத்துக்கு முன்னால் உங்கள் இதயம் அதை 80 அடியில், அடிக்கு ஏறக்குறைய 62 மில்லியாகக் கொடுத்தது. இப்போது 68 அடிதான், ஆனால் அடிக்கு 73 மில்லி. தினசரி நடையால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடியிருக்கிறது, இதயத்தின் இடது கீழறை கொஞ்சம் தாராளமாக நிரம்பப் பழகியிருக்கிறது. அதே 5 லிட்டருக்குக் குறைந்த அடி போதும் என்றாகிவிட்டது.

பாறையில் ஏறும்போது கதை வேறு. தொடைத் தசைகள் கேட்கிற ரத்தம் பல மடங்கு கூடும். ஓர் அடியின் அளவு ஓரளவுக்குத்தான் உயரும், அதற்கு மேல் தேவையை அடிகளின் எண்ணிக்கைதான் ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் 132. அது பலவீனம் இல்லை, இதயம் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று அர்த்தம்.

அது எப்படிக் கேட்கிறது என்பதில்தான் உங்கள் கணவரின் ரகசியம் இருக்கிறது. இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு திசுவை யாரும் தொடாமல் விட்டால் அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை அடிக்கும். ஓய்வில் அதை 70, 60 என்று அடக்கி வைப்பது வேகஸ் நரம்பு. டிரினிட்டி சிக்னலில் ஆட்டோக்காரர் பிரேக்கில் கால் வைத்து நிற்பது மாதிரி. நடக்க ஆரம்பித்ததும் முதலில் அந்தக் கால் எடுக்கப்படுகிறது, துடிப்பு நொடிகளில் ஏறுகிறது. அப்புறம் 100ஐத் தாண்ட ஆக்ஸிலரேட்டர் வேண்டும். அந்த வேலையைச் செய்வது அட்ரினலினும் அதன் கூட்டாளி நரம்புகளும்.

பி.பி. மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் என்று ஒரு வகை உண்டு. அது அந்த ஆக்ஸிலரேட்டருக்குக் கீழே கட்டையை வைத்துவிடும். ஓய்விலும் துடிப்பு குறையும், ஏறும்போதும் எகிறாது. 56, 95, மூச்சிரைப்பு மூன்றும் அதற்குப் பொருந்துகின்றன. அட்டையை எடுத்துப் பாருங்கள். மெட்டோப்ரோலால், அட்டெனலால் என்று "லால்" என முடியும் பெயர் இருந்தால் விஷயம் முடிந்தது. (லால்பாக் கணக்கில் வராது.) அம்லோடிபின் போன்றது மட்டும் இருந்தால் என் ஊகம் தவறு. பொதுவாக அது துடிப்பை இப்படிக் குறைக்காது.

மாத்திரை காரணம் இல்லையென்றால் 56ஐப் பாராட்டாமல் காரணம் தேட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம், இதயத்தின் மின்தடத்தில் தடை இருக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே துடிப்பு கம்மி, அது ஒன்றும் செய்யாது. ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கும் மாடிப்படி ஏறினால் துடிப்பு நன்றாக உயரும். உயராமல் மூச்சு வாங்குவது, தலைசுற்றல், கண் இருட்டிக்கொண்டு வருவது இவைதான் கவலைக்குரியவை. நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எப்படியானாலும் அவர் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விட்டால் துடிப்பும் அழுத்தமும் எகிறி, நெஞ்சுவலி வரை போகலாம். இந்த வாரமே அட்டையோடு டாக்டரைப் பார்க்கட்டும். "ஏறினால் 95ஐத் தாண்டவில்லை, மூச்சு வாங்குகிறது" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லட்டும். இ.சி.ஜி. எடுப்பதா, அளவைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். அதுவரை பாறை ஏற்றம் வேண்டாம், ஏரிக்கரையில் பேச முடிகிற வேகத்தில் உங்களோடு நடக்கலாம். வாட்சில் அவருக்கு எண் ஏறவில்லை என்பதை வைத்து நீங்கள் அவரை விரட்ட வேண்டாம், மூச்சுதான் அவருக்கு அளவுகோல்.