மெல்லியதாகிவிட்ட புருவத்தை முடியின் போக்கை வைத்து நிரப்புதல்

கேள்வி: பார்லரில் புருவத்தை மிகவும் மெல்லியதாக எடுத்துவிட்டார்கள். பென்சிலால் தடிமனாக்கினால் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது. முகத்துக்குப் பொருந்தும்படி எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் முதலில் ஓரக்கோட்டை வரைந்துகொண்டு உள்ளே வண்ணம் நிரப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒட்டவைத்த தோற்றத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். புருவம் என்பது ஒரு கோடு அன்று. பல திசைகளில் சாய்ந்து வளரும் முடிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உண்டாக்கும் நிழல். ஆகையால் எந்த இடத்தில் முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அறிந்துகொண்ட பிறகுதான் பென்சிலைக் கையில் எடுக்க வேண்டும். பதினாறு ஆண்டுகளாகப் பார்லர் வேலை செய்துவரும் எனக்கு இது புரியவே முதல் மூன்று ஆண்டுகள் ஆயின.

முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சம் நேராக விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, சாதாரணக் கண்ணாடியில் பாருங்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வேண்டாம். அதில் ஒவ்வொரு முடியும் எடுக்க வேண்டிய முடியாகவே தெரியும். மஸ்காரா தூரிகையைப் போன்ற ஸ்பூலி இருந்தால் அதனால், இல்லையென்றால் கழுவிக் காயவைத்த பழைய டூத் பிரஷால், முடியை முதலில் எதிர்ப்பக்கமாகக் கலைத்துவிட்டுப் பிறகு மெல்லச் சீவுங்கள். மூக்கை ஒட்டிய தொடக்கத்தில் முடிகள் ஏறக்குறைய நேராக மேல்நோக்கி நிற்கும். நடுப்பகுதிக்கு வந்தால் இரண்டு வரிசைகள் தெரியும்: கீழ் வரிசை முடிகள் மேல்நோக்கியும் காதுப் பக்கமாகவும் சாயும், மேல் வரிசை முடிகள் கீழ்நோக்கியும் காதுப் பக்கமாகவும் சாயும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மீனின் முதுகெலும்பைப் போல ஒரு கருமையான வரி ஓடும். அதுதான் புருவத்தின் முதுகு. வால் பகுதியில் எல்லா முடிகளும் ஒரே போக்காக வெளிப்பக்கம் இறங்கிவிடும். ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடுகள் இருக்கும். ஒரே முகத்தில் இடமும் வலமும்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

நூலால் எடுக்கும்போது நேரும் சேதம் இந்த அமைப்பைப் பார்த்தாலே விளங்கும். முறுக்கிய நூல் ஒரு முடியை மட்டும் எடுப்பதில்லை. நேர்வரிசையாகப் பல முடிகளை ஒன்றாகப் பிடுங்கும். கீழே ஒரு வரிசை கூடுதலாகப் போனால் புருவம் மெலியும், அவ்வளவுதான். மேலே ஒரு வரிசை போனால், கீழ்நோக்கிச் சாய்ந்து நடுப்பகுதியின் இடைவெளிகளை மூடிக்கொண்டிருந்த முடிகள் போய்விடுவதால், இருக்கும் புருவமும் உள்ளே வழுக்கையாகத் தெரியும். வேலை பழகிய காலத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு வளைவு உயரமாக வேண்டும் என்பதற்காக நானே மேல்புறத்தை நன்றாக எடுத்துவிட்டேன். வளைவு வரவில்லை, நடுவில் தோல் பளிச்சென்று தெரிந்தது. அன்றிலிருந்து மேல்புறத்தில் தனியாகத் திரியும் முடிகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. வடிவம் கீழ் ஓரத்தில்தான் செதுக்கப்பட வேண்டும்.

அடுத்து, புருவம் எங்கே தொடங்க வேண்டும், எங்கே வளைய வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்ற கேள்வி. ஒரு நீளமான பென்சிலை மூக்கின் ஓரத்தில் வைத்துக் கண்ணின் உள்மூலை வழியாக நேராக நிறுத்தினால் தொடக்கமும், அங்கிருந்தே கருவிழியின் வெளிவிளிம்பு வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சியும், கண்ணின் வெளிமூலை வழியாகச் சாய்த்தால் வாலின் முடிவும் கிடைக்கும் என்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லிக்கொடுப்பார்கள். அடிப்படையாக இது நல்ல முறைதான். ஆனால் மூக்கின் அடி அகலமாக இருப்பவர்களுக்கு மூக்கோரத்தை அளவாகக் கொண்டால் தொடக்கம் வெளிப்பக்கம் தள்ளிப்போய், இரண்டு புருவங்களுக்கும் நடுவில் வெளி பெரிதாகி, மூக்கு இன்னும் அகலமாகத் தெரியும். நம் ஊரில் இப்படிப்பட்ட முகங்கள் நிறைய. அவர்களுக்கு நான் கண்ணின் உள்மூலைக்கு நேர் மேலே, அல்லது அதைவிட ஓரிரு மில்லிமீட்டர் உள்ளேதான் தொடக்கத்தைக் குறிப்பேன்.

குறிக்கும்போது உட்கார்ந்திருக்க வேண்டும். சாய்வு நாற்காலியில் படுத்திருக்கையில் நெற்றித் தோல் பின்னால் நகர்வதால், அங்கே வைத்த குறி எழுந்ததும் இடம் மாறியிருக்கும். பலர் கண்ணாடியைப் பார்த்தவுடன் தம்மை அறியாமல் ஒரு புருவத்தைத் தூக்குவார்கள். கண்களை மூடி, நெற்றியைத் தளர்த்தி, மெல்லத் திறந்த பிறகு பாருங்கள். ‘ஒரு புருவம் ஏறியிருக்கிறது’ என்று வருபவர்களில் சிலருக்கு முடியில் வேறுபாடே இருக்காது. நெற்றித் தசையின் பழக்கம்தான் அது. அதை நூலால் சரிசெய்யப் போனால் உயர்ந்த புருவம் மெலிந்ததுதான் மிச்சமாகும்.

முகவடிவத்துக்கு ஏற்ற புருவம் என்று சுவரில் படம் ஒட்டி வைத்திருப்பார்கள். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது கொஞ்சமே. நீண்ட முகத்துக்கு வளைவு தாழ்ந்து, ஏறக்குறைய நேராக ஓடும் புருவம் முகத்தின் நீளத்தைக் குறைத்துக் காட்டும். உருண்டை முகத்துக்கு உச்சி சற்று வெளிப்பக்கமாக உயர்ந்திருந்தால் நல்லது. வால் நுனி எந்த முகத்திலும் தொடக்கத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் முகம் வாடித் தெரியும். இவற்றுக்கு மேல், உங்கள் புருவ எலும்பும் முடியின் போக்கும் சொல்வதை மீறி எந்தப் படத்தையும் முகத்தில் ஏற்ற முடியாது.

உங்களுடையதைப் போன்ற நிலையில் ஒருவர் வந்தார். எட்டு ஆண்டுகளாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரெடிங் செய்தவர். புருவம் கயிறுபோல் இருந்தது. வெள்ளைப் பென்சிலால் குறித்துப் பார்த்தபோது இரண்டு தொடக்கங்களும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் நான்கு மில்லிமீட்டர் விலகியிருந்தன. வலப்பக்க வால் குட்டையாக இருந்தது. கீழ் ஓரம் முழுவதும் அளவுக்கு மேல் எடுக்கப்பட்டிருந்தது. குறிக்குள் வரும் எந்த முடியையும் பன்னிரண்டு வாரங்களுக்குத் தொடுவதில்லை என்று முடிவுசெய்தோம். பிடுங்கிய புருவ முடி திரும்ப வளர்ந்து நீளமாக ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு மாதங்கள் ஆகும் என்பதால் இதற்குக் குறுக்குவழி கிடையாது. நான்காவது வாரத்தில் முட்களைப் போலக் குத்திக்கொண்டு நிற்கும் முடிகளைப் பார்த்துப் பெரும்பாலோர் பொறுமை இழந்து மறுபடி பார்லருக்குப் போய்விடுகிறார்கள். அவருக்கும் அந்த வாரத்தில் கை துறுதுறுத்தது. இரண்டு புருவங்களுக்கும் நடுவில் முளைத்தவற்றையும் இமையின் மேல் மிகத் தள்ளி முளைத்தவற்றையும் மட்டும் பிளக்கரால் ஒவ்வொன்றாக, வளரும் திசையிலேயே இழுத்து எடுத்தேன்.

அதுவரை பென்சிலால் சமாளித்தோம். நம் தலைமுடி கருப்பாக இருந்தாலும் பென்சில் கருப்பாக இருக்கக் கூடாது. சாம்பல் கலந்த அடர்பழுப்பு நிறம்தான் தோலோடு கலக்கும். நுனி கூர்மையாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். எண்ணெய் வடியும் முகமாக இருந்தால் புருவத்தின்மேல் முகப்பவுடரைத் தூரிகையால் மிக லேசாக ஒற்றிக்கொண்டால் கோடு வழுக்காது. நடுப்பகுதியின் கீழ் ஓரத்தில் தொடங்கி, முடியின் வேர் இருக்க வேண்டிய இடத்தில் நுனியை ஊன்றி, மேலும் வெளியுமாகச் சாய்த்து, நான்கைந்து மில்லிமீட்டர் இழுத்து, முடியும் இடத்தில் அழுத்தத்தை விட்டுக் கையைத் தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் கோடு முடியைப் போல அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கும். பிறகு மேல் வரிசைக்குப் போய், முதுகு வரியை நோக்கிக் கீழ்ச்சாய்வாகச் சில கோடுகள். வால் பகுதியில் கோடுகள் குறுகி, ஒன்றையொன்று தழுவியபடி வெளிப்பக்கம் இறங்க வேண்டும். தொடக்கத்தைக் கடைசியாக, மிக லேசான அழுத்தத்தோடு, நேராக மேல்நோக்கி இரண்டு மூன்று கோடுகளோடு விட்டுவிடுங்கள். தொடக்கம் சதுரமாகவும் கருமையாகவும் இருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஒட்டவைத்ததுபோல்தான் தெரியும். எல்லாக் கோடுகளும் ஒரே சாய்வில் இருந்தால் சீப்பின் பற்களைப் போல இருக்கும். அங்கங்கே ஒன்றிரண்டு மற்றொன்றைக் குறுக்கே தொட வேண்டும். முடிந்ததும் ஸ்பூலியால் ஒருமுறை சீவிவிட்டு, ஒரு கை நீளத்தில் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். அந்தத் தொலைவில் தனிக் கோடு எதுவும் கண்ணில் படக் கூடாது.

அடர்ந்த புருவத்தை மெலிதாக்க விரும்புகிறவர்களுக்கும் இதே போக்குதான் வழி. பிடுங்குவதற்கு முன் மேல்நோக்கிச் சீவி, மேல்வரியைத் தாண்டும் நுனிகளை மட்டும் சிறு கத்தரிக்கோலால், ஒரே வெட்டாக இல்லாமல் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வேர்விட்ட நீண்ட முடிகள் படுத்து அடுத்த பகுதியின் இடைவெளியை மறைத்துக்கொண்டிருக்கும். அவற்றைக் குட்டையாக்கினால் இல்லாத ஓட்டை திடீரென்று தோன்றும்.

விளக்கெண்ணெய் தடவலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இருக்கும் முடிக்குப் பளபளப்புத் தரும், ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடர்த்தியாகக் காட்டும். புதிதாக முளைக்க வைத்ததை நான் பார்த்ததில்லை. தோலில் நுண்ணிய கோடுகளாக நிறமியைக் குத்தி ஏற்றும் மைக்ரோபிளேடிங் செய்தால் அந்த நிறமி ஓரிரு ஆண்டுகளில் மங்கும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் கோடுகள் விரைவாகக் கலங்கிப் பட்டையாகிவிடும். காயம் பட்ட இடத்தில் தழும்பு தடித்து வளரும் இயல்புடையவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. மேலும், உங்கள் முடி வளரும்வரை காத்திருக்காமல் அதைச் செய்தால், பிறகு வளரும் முடியின் சாய்வும் குத்திய கோட்டின் சாய்வும் ஒத்துப்போகாமல் போகலாம். எடுக்காமலேயே வாலின் பக்கம் முடி தானாக உதிர்ந்தாலோ, வட்டமாகத் திட்டு விழுந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள்; தைராய்டு குறைபாட்டிலும் வால் முடி உதிர்வதுண்டு.

நான் சொன்ன வாடிக்கையாளருக்குப் பன்னிரண்டாவது வாரத்தில் கீழ் ஓரம் ஏறக்குறைய முழுவதும் நிரம்பியது. தொடக்கங்களும் குறித்த இடத்துக்கு வந்தன. வலப்பக்க வாலில் ஓர் அரிசி நீளத்துக்கு முடி திரும்பவே இல்லை. ஆண்டுக்கணக்கில் பிடுங்கிய வேர்கள் சில சமயம் அப்படியே அடங்கிவிடும். அந்த இடத்தில் மட்டும் இன்றும் காலையில் ஐந்தாறு கோடுகள் வரைந்துகொள்கிறார். திரெடிங்குக்கு இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார்.