விலை குறைந்த கிரைண்டரா, நீண்ட நாள் உழைக்கும் கிரைண்டரா?

கேள்வி: தேக்கா பக்கம் உணவுக்கடை நடத்துகிறேன். மாவரைக்கப் புது கிரைண்டர் வேண்டும். சிறியது ஒன்று 4,500 வெள்ளி, 3 ஆண்டு உழைக்கும். மின்சாரம், பழுதுபார்ப்பு எல்லாம் ஆண்டுக்கு 2,600 வெள்ளி. பெரியது இன்னொன்று 9,000 வெள்ளி, 7 ஆண்டு வரும். ஆண்டுச் செலவு 1,900 வெள்ளி. கடனுக்கு வட்டி 8 விழுக்காடு. எதை வாங்குவது?

பதில்: கடையை இன்னும் பல ஆண்டுகள் அதே இடத்தில் நடத்துவீர்கள் என்றால் பெரியதை வாங்குங்கள். ஆனால் கடையின் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்து இந்தப் பதில் தலைகீழாக மாறலாம்.

3 ஆண்டுச் செலவையும் 7 ஆண்டுச் செலவையும் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. இரண்டையும் ஆண்டுக்கு எவ்வளவு என்று மாற்ற வேண்டும். இதைத்தான் சமமான ஆண்டுச் செலவு என்கிறோம். இயந்திரத்தின் விலையை, வட்டியோடு சேர்த்து, அது உழைக்கும் காலம் முழுவதற்கும் சமமான ஆண்டுத் தவணையாகப் பிரிக்கிறோம். எக்செல்லில் இப்படிப் போடுங்கள்:

```
=PMT(8%,3,-4500)
=PMT(8%,7,-9000)
```

முதலாவதற்கு 1,746 வெள்ளி வரும், இரண்டாவதற்கு 1,729. இரண்டு மடங்கு விலையுள்ள கிரைண்டரின் தவணை சற்றுக் குறைவாகவே இருக்கிறது பாருங்கள். இதோடு ஆண்டுச் செலவைக் கூட்டினால் சிறியது 4,346, பெரியது 3,629. பெரியதில் ஆண்டுக்கு 717 வெள்ளி மிச்சம்.

விலையை ஆண்டுகளால் வெறுமனே வகுக்கக் கூடாதா என்று பலர் கேட்பார்கள். அப்படிச் செய்தால் மிச்சம் 914 வெள்ளி என்று காட்டும். பெரிய இயந்திரத்தில் கூடுதல் பணம் நீண்ட காலம் முடங்கிக் கிடக்கிறது. அதற்கான வட்டியை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. வட்டி ஏற ஏற இந்த மிச்சம் இன்னும் சுருங்கும்.

சரி, ஒப்பந்த விஷயத்துக்கு வருவோம். மேலே உள்ள கணக்கு, சிறியது தேய்ந்ததும் அதே விலைக்கு இன்னொன்று வாங்கித் தொடர்ந்து மாவரைப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறது. இங்கே கடை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 2, 3 ஆண்டுகளுக்குத்தான். 3 ஆண்டில் கடையை விட நேர்ந்து, பெரிய கிரைண்டரை விற்கவும் முடியாவிட்டால், 9,000 வெள்ளியை அந்த 3 ஆண்டே சுமக்க வேண்டும். அப்போது அதன் ஆண்டுச் செலவு 5,392 வெள்ளி ஆகிவிடும். சிறியதே மேல்.

பெரியதை அப்போது ஏறக்குறைய 3,400 வெள்ளிக்கு விற்க முடிந்தால் இரண்டும் சமமாகிவிடும். ஆகவே பழைய சமையலறைச் சாமான் வாங்குபவரிடம், 3 ஆண்டு ஓடிய அதே மாடலுக்கு என்ன தருவார் என்று இப்போதே கேளுங்கள். 3,400க்கு மேல் சொன்னால் தயங்காமல் பெரியதை எடுக்கலாம். அப்புறம், நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால், திரும்பப் பெறக்கூடிய 9 விழுக்காட்டு வரியைக் கழித்த விலையை இரண்டிலும் போடுங்கள்.