முதல் நான்கு ஆண்டுகள் சறுக்கினால்

கேள்வி: வயது 60. ஓய்வூதியம் கிடையாது. கையில் ஒரு கோடி ரூபாய் இருக்கிறது. ஈக்விட்டி ஃபண்டில் போட்டால் சராசரியாக 12 சதவீதம் கிடைக்கும் என்கிறார்கள். ஆண்டுக்கு 8 லட்சம் எடுத்தால் முதல் குறையாதுதானே? (வாசகர், திருச்சி)

பதில்: குறையலாம். சராசரி சரியாகவே வந்தாலும், அது எந்த வரிசையில் வருகிறது என்பதுதான் பணம் எடுப்பவரின் கணக்கைத் தீர்மானிக்கிறது.

நான்கு ஆண்டுகளில் சந்தை முறையே 20 சதவீதம் இறங்கி, 10 சதவீதம் இறங்கி, பிறகு 15, 25 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். எதையும் எடுக்காதவருக்கு ஒரு கோடி சுமார் 1.03 கோடி ஆகும். வரிசையைத் திருப்பிப் போட்டாலும் அதே தொகைதான். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 8 லட்சம் எடுப்பவருக்கோ, இறக்கம் முதலில் வந்தால் 63.4 லட்சமும், ஏற்றம் முதலில் வந்தால் 76.4 லட்சமும் மிஞ்சும். அதற்குப் பிறகு இருவருக்குமே ஆண்டுதோறும் தவறாமல் 12 சதவீதம் கிடைத்தாலும், இரண்டாமவரின் முதல் கரையாது. முதலாமவருக்கு 80 வயதில் முழு 8 லட்சம் எடுக்கப் பணம் இருக்காது. விலைவாசிக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல் போட்ட கணக்கு இது.

காரணம் யூனிட்டுகளில் இருக்கிறது. ஒரு யூனிட்டின் விலையான என்.ஏ.வி. 100 ரூபாயாக இருக்கையில் 8 லட்சத்துக்கு 8,000 யூனிட் விற்றால் போதும். அது 80 ரூபாய்க்கு இறங்கிவிட்டால் 10,000 யூனிட் விற்க வேண்டும். சந்தை மீளும்போது, விற்றுவிட்ட அந்த யூனிட்டுகள் ஏறுவதற்கு உங்களிடம் இருக்காது. 20 சதவீத இறக்கம் மிகைப்படுத்திய உதாரணமும் அல்ல. 2008இல் சென்செக்ஸ் பாதிக்கும் மேல் விழுந்தது.

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன், 1926 முதலான அந்நாட்டுச் சந்தைத் தரவுகளை வைத்து 1994இல் இதை ஆராய்ந்து, முதலாண்டில் 4 சதவீதமும், பிறகு அதே தொகையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தியும் எடுத்தால் 30 ஆண்டுகளுக்குத் தாங்கும் என்று கண்டார். அது அமெரிக்கப் பணவீக்கத்துக்கும் அந்நாட்டுப் பங்கு, கடன்பத்திரக் கலவைக்கும் பொருந்திய எண். நம் விலைவாசி ஏறும் வேகத்துக்கு நான் 3.5 சதவீதத்தைத் தாண்டச் சொல்ல மாட்டேன். உங்கள் ஒரு கோடிக்கு அது மாதம் சுமார் 29,000 ரூபாய். குறைவுதான், மனம் ஏற்கக் கடினமாக இருக்கும் என்பதையும் அறிவேன். ஆனால் ஆண்டுக்கு 8 லட்சம் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்கு ஏறத்தாழ 2.3 கோடி தேவை.

முழுத்தொகையையும் ஈக்விட்டியில் போடாதீர்கள். மூன்று ஆண்டுச் செலவை, அதாவது பத்தரை லட்சத்தை, வங்கி வைப்பில் தனியே வையுங்கள். சந்தை இறங்கிய ஆண்டில் யூனிட்டுகளை விற்காமல் அதிலிருந்து எடுங்கள். ஏறிய ஆண்டில் விற்று அதை நிரப்புங்கள். ஆண்டுக்கொரு முறை, எடுக்கவிருக்கும் தொகையை அன்றைய மீதத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் பத்து ஆண்டுகளுக்குள் அது 5 சதவீதத்தைத் தாண்டினால், அந்த ஆண்டு விலைவாசிக்கான உயர்வை நிறுத்திவிடுங்கள்.