மாணிக்கத்தில் குரோமியம், நீலத்தில் இரும்பு, கண்ணாடியில் தங்கம்: எந்த நிறம் நெருப்பைத் தாங்கும்?

கேள்வி: “பாட்டி வைத்திருந்த சிவப்புக்கல் நெக்லஸைப் பழுது பார்க்கக் கொடுத்தோம். அதில் சில கற்கள் கண்ணாடி என்கிறார் ஆசாரி. போன மாதம் வாங்கிய நீலக்கல்லின் சான்றிதழில் ‘சூடேற்றப்பட்டது’ என்று போட்டிருக்கிறது. இதெல்லாம் ஏற்றிய நிறமா? பற்றவைக்கும்போது போய்விடுமா? மாணிக்கமும் நீலமும் ஒரே கல் என்றும் சொல்கிறார்களே, அப்படியானால் நிறம் எங்கிருந்து வருகிறது?”

பதில்: கழுவினாலோ வெயிலில் அணிந்தாலோ இந்த நிறங்கள் போகாது. ஆனால் ஆசாரியின் நெருப்பு பட்டால் என்ன ஆகும் என்பது கல்லுக்குக் கல் மாறும். மூன்றிலும் நிறம் தருவது துளியளவு மாசுதான். அந்த மாசு எந்த நிலையில், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

மாணிக்கமும் நீலமும் ஒரே குருந்தக்கல்தான், அதாவது அலுமினியம் ஆக்சைடு (Al₂O₃). மாசே இல்லாத குருந்தம் தண்ணீர்போல நிறமற்று இருக்கும். அதில் எடைக்கு 1 சதவீதம் அளவில் குரோமியம் ஆக்சைடு சேர்ந்தால் நல்ல சிவப்பு வந்துவிடும். எண்ணிக்கையில் பார்த்தால் ஏறத்தாழ 150 அலுமினியம் அணுக்களில் ஒன்றின் இடத்தைக் குரோமியம் பிடித்திருக்கிறது. ஒரு காரட் கல்லில் இது 2 மில்லிகிராம்தான்.

இவ்வளவு கொஞ்சம் எப்படிப் போதுமாகிறது? படிகத்தில் ஒவ்வொரு அலுமினியத்தையும் ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. குரோமியம் அலுமினியத்தைவிடச் சற்றே பருமன். சிறிய ஆள் இருந்த இடத்தில் பெரிய ஆள் நுழைந்தால் நெருக்கம் ஏற்படும் அல்லவா? அந்த நெருக்கத்தில் குரோமியத்தின் எலக்ட்ரான்களுக்கு ஊதா ஒளியையும், மஞ்சள் கலந்த பச்சை ஒளியையும் விழுங்கும் குணம் வருகிறது. மிஞ்சுவது சிவப்பும் கொஞ்சம் நீலமும். போதாததற்கு, விழுங்கிய ஒளியில் ஒரு பகுதியைக் குரோமியம் 694 நானோமீட்டர் சிவப்பாகத் திருப்பி உமிழ்கிறது. 1960-இல் தியோடர் மைமன் உருவாக்கிய முதல் லேசர் மாணிக்கத்தில் இயங்கியது இந்த உமிழ்வால்தான். நல்ல மாணிக்கம் வெயிலில் உள்ளிருந்து எரிவதுபோலத் தெரிவதற்கும் இதுவே காரணம். கல்லில் இரும்பு அதிகமானால் அந்த உமிழ்வு அணைந்துவிடும். தாய்லாந்து மாணிக்கங்கள் பல, பர்மாக் கற்களைவிட மங்கலாகத் தெரிவது அதனால்தான்.

நெருக்கம் தளர்ந்தால் நிறமும் மாறும். இதே குரோமியம், நெருக்கம் குறைவான மரகதப் படிகத்தில் உட்கார்ந்தால் பச்சை தருகிறது. குரோமியம் மிகுந்த மாணிக்கத்தை நெருப்பில் பழுக்கச் சூடாக்கினால், படிகம் விரிந்து, கல் சாம்பல் கலந்த பச்சைக்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆறியதும் சிவப்பு அப்படியே திரும்பிவிடும். நிறம் போய்விட்டது என்று பதறி அதைத் தண்ணீரில் போட்டுவிடக் கூடாது. போனது நிறமல்ல, ஆனால் அந்தத் திடீர்க் குளிர்ச்சியில் கல் விரிசல் விடும்.

நீலத்தின் கதை வேறு. அதில் இரண்டு மாசுகள் ஜோடியாக இருந்தாக வேண்டும். டைட்டானியம் மட்டும் இருந்தால் கல் நிறமற்று இருக்கும். இரும்பு மட்டும் இருந்தால் வெளிர்மஞ்சள்தான் வரும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் அமர்ந்தால், இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரான் டைட்டானியத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவலுக்கு வேண்டிய ஆற்றலை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒளிகளிலிருந்து எடுத்துக்கொள்வதால் நீலம் மிஞ்சுகிறது. அணு அணுவாக ஒப்பிட்டால் இது குரோமியத்தைவிடப் பல மடங்கு வலுவான நிறமூட்டி. ஒரு சதவீதத்தின் நூறில் சில பங்கு இருந்தாலே கல் ஆழ்ந்த நீலமாகிவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. தாவுவதற்கு எலக்ட்ரான் கைவசம் உள்ள Fe²⁺ நிலையில் இரும்பு இருக்க வேண்டும். டைட்டானியமும் படிகத்துக்குள் கரைந்து, தனித்தனி அணுவாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் கைகூடாத கற்கள் இலங்கையில் ஏராளம். அவற்றை அங்கே கெவுடா என்பார்கள். பார்வைக்குப் பால் கலந்ததுபோல மங்கலாக இருக்கும். டைட்டானியம் இல்லாமல் இல்லை. அது ரூட்டைல் என்ற கனிமமாகி, முடியைவிட மெல்லிய ஊசிகளாகப் பிரிந்து கிடக்கிறது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் இவற்றுக்கு மதிப்பே இல்லை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் இவற்றை வாங்கிப் போய் 1600 முதல் 1800 டிகிரி செல்சியஸ் உலையில், ஆக்சிஜன் குறைந்த சூழலில் சுட்டார்கள். ஊசிகள் கரைந்து டைட்டானியம் படிகத்துக்குள் பரவியது. இரும்பும் வேண்டிய நிலைக்கு வந்தது. பால் தெளிந்து நீலம் பிறந்தது. இதே சூட்டை ஆக்சிஜன் மிகுந்த காற்றில் கொடுத்தால் எதிர்மாறாக நீலம் வெளுக்கும். அளவுக்கு மீறிக் கறுத்த கற்களை இளக்குவதற்கு அதையும் செய்கிறார்கள்.

உங்கள் சான்றிதழில் உள்ள ‘சூடேற்றப்பட்டது’ என்பதன் பொருள் இதுதான். வெளியிலிருந்து எந்தச் சாயமும் ஏற்றவில்லை. கல்லில் ஏற்கெனவே இருந்த மாசை இடம் மாற்றியிருக்கிறார்கள். 1600 டிகிரியில் பல மணி நேரம் ஆன வேலையை ஆசாரியின் நெருப்பு சில நிமிடத்தில் கலைத்துவிடாது. விலையில் மட்டும் சூடேற்றாத கல்லுக்கும் இதற்கும் பெரிய இடைவெளி உண்டு என்பதால் பில்லில் அந்தச் சொல் கட்டாயம் இருக்கட்டும். சான்றிதழில் ‘பரவல் முறை’ (டிஃப்யூஷன்) என்று இருந்தால்தான் அது ஏற்றிய நிறம். வெளியிலிருந்து டைட்டானியத்தைச் செலுத்தும் முறையில் நீலம் மேற்பரப்பில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தோலாகவே நிற்கும். மறுபடி பட்டை தீட்டினால் அது போய்விடும். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கல்லை அதில் போட்டு மேலிருந்து பாருங்கள். பட்டைகளின் விளிம்பில் நிறம் கோடு போட்டதுபோலத் திரண்டிருந்தால் சந்தேகப்படலாம். இயற்கை நிறப்பட்டைகள் நேர்க்கோடாகவோ, அறுகோணத்தின் மூலைபோல மடங்கியோ, தீட்டிய பட்டைகளோடு சம்பந்தமில்லாமல் ஓடும்.

கண்ணாடியில் தங்கம் தரும் சிவப்பு முற்றிலும் வேறு வகை. இங்கே நிறம் தருவது தனி அணு அல்ல, லட்சக்கணக்கான தங்க அணுக்கள் சேர்ந்த நுண்துகள். சில பத்து நானோமீட்டர் குறுக்களவுள்ள இந்தத் துகள்களில் எலக்ட்ரான்கள் கூட்டமாக அசைந்து, 530 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்குகின்றன. ஒரு கிலோ கண்ணாடிக்கு 0.1 முதல் 0.2 கிராம் தங்கம் போதும். 1680-களில் ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் யோகான் குங்கல் இதைத் தொழிலாகவே நடத்தினார்.

தங்கத்தை ராஜதிராவகம் என்ற அமிலக் கலவையில் கரைத்து, அந்தக் கரைசலை மணலோடு கலந்து உலர்த்தி, மற்றப் பொருள்களோடு சேர்த்து உருக்குவார்கள். கூடவே வெள்ளீய ஆக்சைடு கொஞ்சம் போடுவார்கள். உருகிய கண்ணாடியைச் சட்டென்று ஆற்றினால் நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோதான் இருக்கும், சிவப்பின் சாயலே இருக்காது. அதை மறுபடி ஏறக்குறைய 550 முதல் 650 டிகிரி வரை சூடாக்கும்போது தங்க அணுக்கள் நகர்ந்து ஒன்றுகூடித் துகளாகின்றன. கண்ணெதிரே சிவப்பு ஏறும். கெடுவதும் இந்த இடத்தில்தான். வெள்ளீயம் இல்லாவிட்டால் அணுக்கள் வந்து ஒட்டுவதற்கான மையங்கள் குறைந்து, தங்கம் சில பெரிய குண்டுகளாகத் திரண்டுவிடும். சூடு மிஞ்சினாலும் அப்படித்தான். துகள் பெரிதாகப் பெரிதாக, ஊடுருவும் ஒளியில் நீலம் கலந்த ஊதாவாகவும், மேலே படும் ஒளியில் ஈரல்போன்ற கலங்கிய பழுப்பாகவும் தெரியும். அப்படி ஆன கண்ணாடியைத் திரும்பச் சிவப்பாக்க வேண்டுமென்றால் உருக்கித்தான் ஆக வேண்டும்.

ஆகவே கண்ணாடிக் கல்லின் மேல் நெருப்புப் படவே கூடாது. தங்கச் சிவப்பானால் நிறம் கெடும். எந்தக் கண்ணாடியானாலும் விரிசல் விடும் அல்லது இளகும். நெக்லஸில் இருக்கும் கண்ணாடி எல்லாம் தங்கம் போட்டது என்று எண்ணிவிட வேண்டாம். செலினியம், செம்பு போட்ட சிவப்புகள் மலிவு. செலினியச் சிவப்பில் கொஞ்சம் ஆரஞ்சுச் சாயல் இருக்கும், தங்கச் சிவப்பு ரோஜா நிறத்தின் பக்கம் சாயும்.

இனி எது மாணிக்கம் என்று பிரிப்பது. முதலில், இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். சிவப்பாக ஒளிரும் கல்லில் குரோமியம் இருப்பதாகக் கொள்ளலாம். சாதாரணச் சிவப்புக் கண்ணாடி அப்படி எரியாது. ஆனால் ஒளிராததாலேயே கண்ணாடி என்று முடிவு கட்ட முடியாது, இரும்பு மிகுந்த மாணிக்கமும் ஒளிராது. ஒளிர்வதாலேயே இயற்கை மாணிக்கம் என்றும் சொல்ல முடியாது. சிவப்பு ஸ்பினல் என்ற வேறு கல்லும் ஒளிரும், ஆலையில் செய்த மாணிக்கம் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக எரியும். 1902-இல் வெர்னயி அறிவித்த தீச்சுடர் முறை மாணிக்கத்துக்கே நூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது என்பதால், பாட்டி நகை என்பது மட்டும் உத்தரவாதமாகாது.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப். உருண்டைக் குமிழிகளும் சுழித்த கோடுகளும் தெரிந்து, பட்டை விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் பெரும்பாலும் கண்ணாடிதான். கிராமபோன் தட்டின் கோடுபோல வளைந்த மெல்லிய வரிகள் தெரிந்தால் தீச்சுடர் முறைக் கல். கோணலான நிறப்பட்டைகளும் மூன்று திசையில் வெட்டிக்கொள்ளும் நுண் ஊசிகளும் இயற்கையின் அடையாளங்கள். பழைய நகைகள் பெரும்பாலும் பின்பக்கம் மூடி, அரக்கு நிரப்பி, கல்லுக்கடியில் பளபளக்கும் தகடு வைத்தவை. அந்தத் தகடு நிறத்தையும் ஒளியையும் கூட்டிக் காட்டும் என்பதால், கல்லைக் கழற்றாமல் நிறத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. கீறிப் பார்க்கும் சோதனை மட்டும் வேண்டாம், கண்ணாடியானாலும் அது பாட்டியின் கண்ணாடி.

ஆசாரியிடம் கற்களைக் கழற்றிவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள். நிறம் தாங்கும் நல்ல மாணிக்கத்தையும் நீலத்தையும், பற்றவைக்கும்போது பூசும் வெங்காரம் அரித்துவிடும். கல்லின்மேல் வெங்காரம் படிந்த நிலையில் நெருப்புப் பட்டால் வழவழப்பான முகம் சொரசொரப்பாகும், பிறகு மறுபடி மெருகேற்றினால்தான் தீரும். பிற்காலத்தில் மாற்றிய கல் ஏதாவது அதில் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. 2004 வாக்கிலிருந்து, விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்கள் சந்தையில் இருக்கின்றன. அவற்றைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் விரிசலுக்குள் நீலமாக ஒரு மின்னல் ஓடும். அந்த நிரப்பு நெருப்பில் வழியும், ஆசாரியின் அமிலக் குளியலில் அரிக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால்கூட வெளுத்துப் போகும்.